தரைமட்டம் எங்கே இருக்கு? கல்கத்தா வகுப்பில் ஒரு மாணவர் கேட்ட கேள்வி

இந்த எபிசோடில் ஒரே ஒரு கேள்வியோட கதையைச் சொல்லப்போறேன். அது 1944-ல், கல்கத்தா பல்கலைக்கழகத்தில், ஒரு புள்ளியியல் வகுப்பில் கேட்கப்பட்ட கேள்வி. கேட்ட மாணவர் வி. எம். தாண்டேகர். பாடம் நடத்தினவர் சி. ஆர். ராவ். ரெண்டு பேருமே 1920-ல் பிறந்தவங்க, அதாவது ஆசிரியருக்கும் மாணவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. தாண்டேகர் பின்னாடி இந்தியாவின் வறுமையை அளந்து எழுதின பொருளாதார அறிஞரா பெயர் வாங்கினார். ராவ் அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் விடிய விடிய உட்கார்ந்து கணக்குப் போட்டு, மறுநாள் வகுப்புக்குப் பதிலோடு வந்தார். அந்தப் பதில் இன்றைக்கு உலகம் முழுக்க புள்ளியியல் பாடத்தில் இருக்கு. பெயர் கிராமர்–ராவ் எல்லை.

அந்தப் பதில் சொல்றது இதுதான்: ஒரு சாம்பிளை வச்சுக்கிட்டு நீங்க எவ்வளவு கெட்டிக்காரத்தனமா கணக்குப் போட்டாலும், உங்க விடையில் இருக்கிற தடுமாற்றத்தை ஓரளவுக்குக் கீழே குறைக்கவே முடியாது. அந்த அளவு எவ்வளவுன்னு முன்கூட்டியே கணக்கிட்டும் சொல்லிடலாம். ஏன் முடியாது, எப்போ இந்த விதி செல்லாது, ரெண்டையும் பார்ப்போம்.

நட்சத்திரங்களும் ஒரு தகராறும்

கல்கத்தாவுக்குப் போறதுக்கு முன்னால் கொஞ்சம் இங்கிலாந்துக்குப் போகணும். 1914-ல் ஆர்தர் எடிங்டன் என்ற வானியலாளர் நட்சத்திரங்களின் நகர்வைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் போகிற போக்கில் ஒரு கருத்துச் சொன்னார். அளவீடுகள் எவ்வளவு சிதறிக் கிடக்குன்னு கண்டுபிடிக்க ரெண்டு வழி உண்டு. ஒவ்வொரு அளவும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு பார்த்து, கூட்டல் கழித்தல் குறியை விட்டுட்டு, அப்படியே சராசரி எடுக்கலாம். இல்லைன்னா அந்த விலகல்களை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் பார்க்கலாம். நம்ம பள்ளிப் பாடத்தில் திட்ட விலக்கம்னு படிச்சோமே, அது ரெண்டாவது வழி. எடிங்டன், நடைமுறையில் முதல் வழிதான் மேல்னு சொன்னார்.

ரொனால்ட் ஃபிஷர் 1920-ல் இதுக்கு மறுப்பு எழுதினார். அளவீடுகள் மணி வடிவ வளைவில், அதாவது நார்மல் பரவலில் அமைஞ்சிருந்தா, ரெண்டாவது வழிதான் சிறந்ததுன்னு நிரூபிச்சார். எவ்வளவு சிறந்தது? வர்க்கப்படுத்துற வழியில் 100 அளவீடுகள் தர்ற துல்லியத்தை, எடிங்டன் வழியில் எட்டணும்னா சுமார் 114 அளவீடுகள் வேணும். ராத்திரி ராத்திரியா தொலைநோக்கிக்குப் பின்னால் உட்கார்ந்து சேகரிச்ச அளவீடுகளில் சுமார் எட்டில் ஒரு பங்கு, தப்பான சூத்திரத்தைத் தேர்ந்தெடுத்த ஒரே காரணத்தால் வீணாகுது.

இந்த இடத்தில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்குவோம். ஒரே சர்வேயை நூறு குழுக்கள் தனித்தனியா நடத்தினா நூறு விடை வரும், ஒன்று போல ஒன்று இருக்காது. அந்த விடைகள் எவ்வளவு சிதறுதுங்கிறதுதான் வேரியன்ஸ், அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கம். வேரியன்ஸ் குறைஞ்சா விடையை நம்பலாம். சாம்பிளிலிருந்து விடையை எடுக்கிற சூத்திரத்துக்கு எஸ்டிமேட்டர்னு பெயர். ஃபிஷர்–எடிங்டன் தகராறு, ரெண்டு எஸ்டிமேட்டர்களில் எதுக்கு வேரியன்ஸ் குறைவுங்கிற தகராறு.

ஆனா ரெண்டை ஒப்பிட்டு ஒண்ணு மேல்னு சொன்னதோட கதை முடியலை. நாளைக்கு மூணாவதா ஒருத்தர் இன்னும் நல்ல சூத்திரத்தோட வந்தா? நாலாவதா ஒருத்தர்? இதுக்கு ஒரு முடிவு உண்டா? ஃபிஷர் 1922-லும் 1925-லும் எழுதின கட்டுரைகளில் இதுக்கு ஒரு பதில் வச்சார். சாம்பிளுக்குள்ள இருக்கிற 'தகவல்' என்ற ஒண்ணை எண்ணா அளக்கலாம். சாம்பிள் மிகப் பெரிசா இருக்கும்போது, நல்ல எஸ்டிமேட்டரின் வேரியன்ஸ் அந்தத் தகவலின் தலைகீழ் எண்ணை நெருங்கும். தகவல் 625-ன்னா வேரியன்ஸ் 625-ல் ஒரு பங்கு.

கவனிங்க, 'சாம்பிள் மிகப் பெரிசா இருக்கும்போது'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. தாண்டேகர் கை வச்சது அங்கேதான்.

கல்கத்தா, 1944

ராவ் பிறந்தது அன்றைய மதராஸ் மாகாணத்தின் ஹடகளியில். இன்றைக்கு அது கர்நாடகா. வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிச்சார். அப்புறம் ராணுவ சர்வே பிரிவில் ஒரு வேலைக்கான நேர்காணலுக்காகக் கல்கத்தா போனார். அந்த வேலை கிடைக்கலை. ஆனா அங்கே தங்கியிருந்த தென்னிந்திய விடுதியில் சந்திச்ச ஒருத்தர் மூலமா, மகலனோபிஸ் நடத்தின இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பற்றித் தெரிஞ்சுக்கிட்டார். 1941 ஜனவரி 1-ஆம் தேதி அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தார். 1943-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் எம்.ஏ. முடிச்சார். அடுத்த வருஷமே அங்கே வகுப்பெடுத்துக்கிட்டிருந்தார்.

அன்றைக்கு அவர் நடத்தினது ஃபிஷரின் பெரிய சாம்பிள் விதி. தாண்டேகர் கேட்டது: எல்லையில்லாமல் பெரிசாகிற சாம்பிளுக்கு சரி. கையில் இருக்கிற, எண்ணி முடிக்கக்கூடிய சாம்பிளுக்கு இதே மாதிரி ஒண்ணு நிரூபிக்க முடியாதா?

இது வெறும் வாதத்துக்காகக் கேட்ட கேள்வி இல்லை. கள ஆய்வில் யாருக்கும் எல்லையில்லாத சாம்பிள் கிடைக்காது. மகலனோபிஸ் குழு 1937-லிருந்து வங்காளத்தில் சணல் பயிர் எவ்வளவு நிலத்தில் இருக்குன்னு சாம்பிள் முறையில் கணக்கெடுத்துக்கிட்டு வந்தது. ஆளை அனுப்பணும், அவருக்குச் சம்பளம் கொடுக்கணும், பருவம் முடியறதுக்குள்ள முடிக்கணும். கிடைச்ச விடை போதுமான துல்லியத்தில் இல்லைன்னா, நிறுவனத்தில் உட்கார்ந்து இன்னும் நல்ல சூத்திரம் தேடணுமா, இல்லை இன்னும் ஆட்களை வயலுக்கு அனுப்பணுமா? தரைமட்டம் எங்கே இருக்குன்னு தெரியாதவரைக்கும் இதுக்குப் பதில் சொல்ல முடியாது.

ஒரு சணல் வயல் கணக்கு

ராவ் அந்த ராத்திரி கண்டுபிடிச்சதை ஒரு சின்ன கணக்கில் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கிட்டவை.

ஒரு மாவட்டத்தில் உண்மையிலேயே 20 சதவீத நிலத்தில் சணல் இருக்குன்னு வச்சுக்குவோம். நமக்கு அது தெரியாது. குலுக்கல் முறையில் 100 இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 'சணல் உண்டா, இல்லையா'ன்னு பார்க்கிறோம்.

ஒரு இடத்தைப் பார்த்தா எவ்வளவு தகவல் கிடைக்குது? அதை அளக்க ஃபிஷர் வழியில் ஒரு கேள்வி கேட்கணும். விகிதத்தை 0.20-லிருந்து துளி ஏத்தினா, நான் பார்த்த இந்த விஷயம் நடக்கிற வாய்ப்பு எந்த வேகத்தில் மாறும்? அந்த வேகத்தை, வாய்ப்பின் அளவுக்கு விகிதமா சொன்னா வர்ற எண்ணுக்கு ஸ்கோர்னு பெயர். கால்குலஸ் தெரிஞ்சவங்களுக்கு, வாய்ப்பின் லாக்கை எடுத்து அதன் வகைக்கெழு.

சணல் இருக்குன்னு பார்த்தா ஸ்கோர் 1 வகுத்தல் 0.2, அதாவது +5. சணல் இல்லைன்னா ஸ்கோர் மைனஸ் 1 வகுத்தல் 0.8, அதாவது −1.25. 20 சதவீதம் தடவை +5, 80 சதவீதம் தடவை −1.25. சராசரி எடுத்தா +1-ம் −1-ம் அடிபட்டு பூஜ்ஜியம் வரும். இந்தப் பூஜ்ஜியத்தை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில் தேவைப்படும்.

சராசரி பூஜ்ஜியமா இருந்தாலும் ஸ்கோர் மேலும் கீழும் ஆடுது. அந்த ஆட்டத்தின் வேரியன்ஸ்தான் தகவல். 5-ன் வர்க்கம் 25, அதில் 20 சதவீதம் 5. 1.25-ன் வர்க்கம் 1.5625, அதில் 80 சதவீதம் 1.25. மொத்தம் 6.25. ஒரு இடத்துக்கு 6.25-ன்னா, தனித்தனியா பார்த்த 100 இடத்துக்கு 625.

இப்போ ராவின் வாதம். உங்க எஸ்டிமேட்டர் எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை: அது சாய்வில்லாததா இருக்கணும். அதாவது திரும்பத் திரும்ப செய்தா சராசரியா உண்மை விடையையே தரணும். உண்மை 0.20-ன்னா அதன் சராசரி 0.20, உண்மை 0.21-ன்னா சராசரி 0.21. உண்மை எவ்வளவு நகர்ந்தாலும் சராசரியும் அதே அளவு கூடவே நகரணும்.

சராசரி எப்படி நகரும்? நீங்க சூத்திரத்தை மாத்தலை. மாறினது சாம்பிள்கள் வர்ற வாய்ப்பு மட்டும்தான். ஸ்கோர் பாசிட்டிவா இருக்கிற சாம்பிள்கள் இனி கொஞ்சம் அதிகமா வரும், நெகட்டிவா இருக்கிறவை கொஞ்சம் குறையும். ஆக, உங்க எஸ்டிமேட்டர் ஸ்கோரோட சேர்ந்து ஏறி இறங்கினாத்தான் சராசரி நகரும். ஒரு அலகுக்கு ஒரு அலகு நகரணும்னா, எஸ்டிமேட்டரும் ஸ்கோரும் சேர்ந்து ஆடுற அளவு, அதாவது கோவேரியன்ஸ், சரியா 1-ஆ இருக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

மிச்சம் ஒரே வரி. ரெண்டு விஷயங்கள் சேர்ந்து ஆடுற அளவின் வர்க்கம், அவை தனித்தனியா ஆடுற அளவுகளின் பெருக்கத்தைத் தாண்டவே முடியாது. இது கோஷி–ஷ்வார்ட்ஸ் சமனின்மை, அப்போதே எல்லாருக்கும் தெரிஞ்சது. சேர்ந்து ஆடுறது 1, ஸ்கோர் தனியா ஆடுறது 625. அப்படின்னா எஸ்டிமேட்டர் தனியா ஆடுறது குறைஞ்சது 625-ல் ஒரு பங்கா இருந்தே ஆகணும்.

Var(T) ≥ 1 / I(θ)

இதில் T உங்க எஸ்டிமேட்டர், I(θ) சாம்பிளில் உள்ள மொத்தத் தகவல். 'சாம்பிள் பெரிசா இருந்தா' என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. 100 இடத்துக்கும் செல்லும், 7 இடத்துக்கும் செல்லும்.

நம்ம கணக்கில் 625-ல் ஒரு பங்கு 0.0016. வர்க்கமூலம் 0.04, அதாவது 4 சதவீதப் புள்ளி. நாம சாதாரணமா செய்யறது என்ன? 100-ல் எத்தனை இடத்தில் சணல் இருந்ததோ அதை 100-ஆல் வகுக்கிறோம். அந்த எளிய சூத்திரத்தின் திட்ட விலக்கமும் சரியா 4 சதவீதப் புள்ளிதான். தரையைத் தொட்டாச்சு, இதுக்கு மேல சூத்திரம் தேடறது வீண். 4-ஐ 2-ஆக்கணும்னா தகவலை நாலு மடங்காக்கணும், அதாவது 400 இடங்களைப் பார்க்கணும்.

எல்லா கணக்கிலும் தரையைத் தொட முடியும்னு இல்லை. நார்மல் பரவலின் வேரியன்ஸையே கணிக்கணும், சராசரியும் தெரியாதுன்னு வைங்க. 10 அளவீடுகள் இருந்தா, சாய்வில்லாத எஸ்டிமேட்டர்களில் இருக்கிறதிலேயே சிறந்தது கூட தரையைவிட சுமார் 11 சதவீதம் மேலே நிற்கும். எல்லை சொல்றது 'இதுக்குக் கீழே போக முடியாது'ன்னு மட்டும்தான். 'இங்கே வரைக்கும் கட்டாயம் வரலாம்'னு அது உறுதி சொல்லலை.

அந்த 'சாய்வில்லாத' நிபந்தனையும் சும்மா போட்டது இல்லை. எந்த சாம்பிள் வந்தாலும் '20 சதவீதம்'னே பதில் சொல்ற ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. அவர் விடை ஆடவே ஆடாது, வேரியன்ஸ் பூஜ்ஜியம். நின்னுபோன கடிகாரத்தின் முள்ளும்தான் ஆடறதில்லை. உண்மை நகரும்போது கூடவே நகர மறுத்துட்டா இந்தத் தரைக்குக் கீழே தாராளமா போகலாம். ஆனா அதை அளவீடுன்னு யாரும் சொல்லமாட்டாங்க.

டாங்கிகளின் வரிசை எண்கள்

சரி, சாய்வில்லாமலேயே தரைக்குக் கீழே போன ஒரு கணக்கு உண்டா? உண்டு. அதுவும் ராவ் இதை எழுதின அதே போர்க்காலத்தில், லண்டனில், உயிர் போகிற விஷயத்தில் பயன்பட்டது.

ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கிகள் செய்யுதுன்னு நேச நாடுகளுக்குத் தெரியணும். லண்டனில் அமெரிக்கத் தூதரகத்தில் இருந்த பொருளாதாரப் போர்ப் பிரிவு, கைப்பற்றின டாங்கிகளின் பாகங்களில் பொறிச்சிருந்த வரிசை எண்களை வச்சுக் கணக்குப் போட்டது. 1942 ஆகஸ்ட் மாதத்துக்கு உளவுத்துறை சொன்ன எண்ணிக்கை 1,550. வரிசை எண் முறை சொன்னது 327. போர் முடிஞ்சு ஜெர்மன் பதிவேடுகளைப் பார்த்தப்போ இருந்தது 342.

நிஜக் கணக்கு சிக்கலானது. அதன் மையக் கருத்து மட்டும் நமக்குப் போதும். டாங்கிகளுக்கு 1-லிருந்து கடைசி எண் வரை வரிசையா எண் இருக்கு. குலுக்கலில் வந்த மாதிரி 5 எண்கள் நம்ம கையில் கிடைக்குது. அதில் பெரிசு 200. மொத்தம் எத்தனை? பெரிய எண்ணோட, அதை சாம்பிள் அளவால் வகுத்துக் கூட்டி, ஒண்ணைக் கழிக்கணும். 200 + 40 − 1 = 239. இந்த சூத்திரம் சாய்வில்லாதது.

ஆச்சரியம் இதன் வேரியன்ஸில் இருக்கு. சணல் கணக்கில் தடுமாற்றத்தைப் பாதியாக்க சாம்பிளை நாலு மடங்காக்கினோம். இங்கே ஏறத்தாழ ரெண்டு மடங்கு போதும். ராவின் எல்லைப்படி தகவல் ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரே அளவில் கூடணும், அதனால் நாலு மடங்கு கட்டாயம். அப்போ எல்லை உடைஞ்சுபோச்சா?

ஸ்கோரைப் பாருங்க. மொத்தம் N டாங்கி இருந்தா, ஒவ்வொரு எண்ணும் வர்ற வாய்ப்பு N-ல் ஒரு பங்கு. N-ஐத் துளி ஏத்தினா, கையில் கிடைச்ச எந்த எண்ணா இருந்தாலும் அதன் வாய்ப்பு ஒரே வேகத்தில் குறையும். ஸ்கோர் எப்போதும் ஒரே நெகட்டிவ் எண். அதன் சராசரி பூஜ்ஜியம் இல்லை. நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன பூஜ்ஜியம் இதுதான்.

காரணம் இது. சணல் கணக்கில் விகிதம் மாறினா, ஏற்கெனவே சாத்தியமா இருந்த ரெண்டு விடைகளின் வாய்ப்புதான் கூடிக் குறையும். டாங்கி கணக்கில் N கூடினா, அதுவரைக்கும் வரவே முடியாத ஒரு புது எண் வரமுடியும். ஆட்டத்தின் களமே விரியுது. அந்த ஓரத்தில் நடக்கிறதை ஸ்கோர் பார்க்கிறதில்லை. 'சராசரி நகர்றது, ஸ்கோரோட சேர்ந்து ஆடுறதால் மட்டும்தான்'னு சொன்ன படி இங்கே நிற்காது. படி நிற்காதபோது எல்லையும் பொருந்தாது. அதனால எல்லை உடையலை. அதன் நிபந்தனைக்கு வெளியே நாம நிற்கிறோம், அவ்வளவுதான். நீங்களே சோதிக்கணும்னா வழி எளிது. நீங்க தேடற எண் மாறும்போது சாத்தியமான விடைகளின் பட்டியலும் மாறுதான்னு பாருங்க. மாறினா இந்த எல்லையைப் பயன்படுத்தாதீங்க.

ஒரே பதில், நாலு பேர்

ராவின் கட்டுரை 1945-ல் கல்கத்தா கணிதச் சங்கத்தின் இதழில் வந்தது, பதினோரு பக்கம். ஸ்வீடனின் ஹரால்ட் கிராமர் 1946-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இதே எல்லையை நிரூபிச்சிருந்தார். ரெண்டு பேரும் தனித்தனியா கண்டவங்க. பிரான்ஸில் மோரிஸ் ஃப்ரெஷே 1943-லேயே ஒரு வடிவத்தை எழுதியிருந்தார், ஜார்ஜ் தார்மோவா 1945-ல் எழுதினார். போர்க்காலத்தில் ஒரு நாட்டு இதழ் இன்னொரு நாட்டுக்குப் போய்ச் சேர்றதே அரிது. அதனால இன்றைக்கும் சில புத்தகங்களில் இந்த எல்லைக்கு மூணு, நாலு பேர் பெயரைச் சேர்த்து எழுதறதைப் பார்க்கலாம்.

ராவ் 2023 ஆகஸ்ட் 22-ஆம் தேதி, 102 வயசில் அமெரிக்காவில் காலமானார். அந்த வருஷம்தான் அவருக்குச் சர்வதேசப் புள்ளியியல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசுக்குக் காரணமா சொன்னது இந்த 1945 கட்டுரையை. தாண்டேகர் பின்னாளில் வறுமையை அளந்ததும் சாம்பிள் சர்வேக்களின் எண்களை வச்சுத்தான். அந்த எண்களும் கையில் எண்ணக்கூடிய சாம்பிள்களிலிருந்து வந்தவை. வகுப்பில் அவர் கேட்டது அந்த மாதிரி சாம்பிள்களைப் பற்றித்தான்.